வேணும், வேணாம்: பேச்சை எழுத்தாக்கும் செயலி தமிழில் தடுமாறும் இடம்

என் அம்மாவுக்கு வயது 71. இரண்டு காதுகளிலும் கருவி அணிந்திருக்கிறார். இரத்த அழுத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போதெல்லாம் செல்போனையும் மறக்காமல் எடுத்துக்கொள்வார். எதிரில் இருப்பவர் பேசப் பேச, அது பேச்சை எழுத்தாக்கித் திரையில் காட்டும். ஒரு முறை நானும் உடன் சென்றிருந்தேன். முகக்கவசம் அணிந்த மருத்துவர் புதிய மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே, பழைய மாத்திரையைப் பற்றி ‘அதை நிறுத்த வேணாம்’ என்றார். அம்மாவின் மடியிலிருந்த செல்போனில் ‘அதை நிறுத்த வேணும்’ என்று விழுந்தது. அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் பழைய மாத்திரை அட்டையை மருந்து டப்பாவிலிருந்து எடுத்துத் தனியே வைத்திருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

ஓர் உயிரொலி மாறியதால் வந்த வினை இது. நேரடியாகப் பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் பொதுவாக எவ்வளவு சரியாக எழுதுகின்றன என்று கேட்டால் நல்ல பதில்தான் கிடைக்கும். அமைதியான அறையில் ஒருவர் நிதானமாகப் பேசினால் பத்துச் சொற்களில் ஒன்பதை அவை சரியாகவே எழுதிவிடும். ஆனால் மிச்சமுள்ள ஒரு சொல் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழில் அந்த ஒரு சொல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக அமைந்துவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டால் செல்போனை எங்கே வைப்பது, எங்கே பார்ப்பது, எப்போது மறுபடி கேட்பது என்பவை தாமாகவே விளங்கும்.

முதலில் செயலியைப் பற்றிச் சில வரிகள். தமிழ் வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப். 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்த திமித்ரி கனெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் அப்போது கூகுளில் பணியாற்றிவந்தார். கூட்டங்களில் மற்றவர்கள் பேசுவதை வேறொரு மனிதர் தட்டச்சு செய்து காட்டும் சேவையைத்தான் அவர் அதுவரை நம்பியிருந்தார். அதற்கு முன்னேற்பாடு வேண்டும், செலவும் அதிகம். தேநீர் நேரத்தில் சக ஊழியர் சொல்லும் ஒரு வரிக்கு அந்தச் சேவையை வரவழைக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க அவரும் செட் நெகி என்ற சக பொறியாளரும் உருவாக்கிய முன்மாதிரியிலிருந்து வளர்ந்ததுதான் இந்தச் செயலி. காதுகேளாதோர் உயர்கல்வி பயிலும் வாஷிங்டனின் கேலாடெட் பல்கலைக்கழகமும் அதன் வடிவமைப்பில் பங்கேற்றது. தொடக்கத்திலேயே 70க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. தமிழும் அவற்றில் உண்டு. ஐஃபோனில் இதே வேலையைச் செய்யும் வசதி 2022இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. அதனால்தான் தமிழில் பேசும் வீடுகளில் ஆண்ட்ராய்டு செல்போனையே பரிந்துரைக்கிறோம்.

செயலி வேலை செய்யும் விதம் இதுதான். மைக் பிடிக்கும் ஒலியைச் செல்போனிலேயே உள்ள சிறிய நிரல் ஒன்று முதலில் கேட்டு, இது மனிதப் பேச்சா வேறு சத்தமா என்று பார்க்கிறது. பேச்சு என்றால் இணையம் வழியாகப் பெரிய கணினிகளுக்கு அனுப்புகிறது. அங்கே ஒலி மிகச் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கக்கூடும் என்று மதிப்பிடப்படுகிறது. பிறகு அந்த மொழியில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, பொருந்திவரும் சொற்கோவை தேர்ந்தெடுக்கப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, திரையில் விழுந்த சொல் உடனே உறுதியாகிவிடுவதில்லை என்பதுதான். அடுத்த இரண்டு சொற்கள் வந்த பின் முந்தைய சொல் மாறக்கூடும். ‘கல்லு’ என்று விழுந்தது, ‘பாதை’ வந்ததும் ‘கல்’ என்று திருந்தலாம். முன் பின் சொற்களின் துணையால்தான் இயந்திரம் தன் தவறுகளில் பலவற்றைத் திருத்திக்கொள்கிறது.

கடைசிச் சொல்லுக்குப் பின்னால் துணை ஏதும் இல்லை. அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நம் மொழியின் அமைப்பு. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும்; அதன் பிறகும் சில சொற்கள் தொடரும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்யலாமா கூடாதா, வருவாரா மாட்டாரா, வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அந்த வினையின் வாலில் தொங்குகிறது. பேச்சு வழக்கில் ‘வேணும்’, ‘வேணாம்’ என்ற சொற்களின் இறுதி மகர மெய்யை நாம் முழுதாகச் சொல்வதுகூட இல்லை. உதட்டை மூடாமல் மூக்கொலியோடு விட்டுவிடுகிறோம். மீதி இருப்பது உகரமா ஆகாரமா என்ற வேறுபாடு மட்டும். ‘நிறுத்த’ என்ற சொல்லுக்குப் பின் இரண்டும் இயல்பாக வரக்கூடியவை என்பதால் மொழிப் பழக்கமும் இயந்திரத்துக்குக் கைகொடுக்காது.

மூன்றாவது காரணம் மனிதக் குரல். பேசுகிற எவரும் வாக்கியத்தின் தொடக்கத்தில் மூச்சு நிறையப் பேசி, முடிவில் குரலைத் தாழ்த்துகிறார்கள். பேச்சு முடிகிறது என்று கேட்பவருக்கு உணர்த்துவதே அந்தத் தாழ்வுதான். கடைசிச் சொல்லைச் சொல்லும்போதே பலர் திரும்பிவிடுகிறார்கள், எழுந்துவிடுகிறார்கள், அடுத்த கோப்பை எடுக்கக் குனிகிறார்கள். ஆக, பொருளை மாற்றும் சொல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒலி மிக மெலிந்தும், பின்துணை இல்லாமலும் இருக்கிறது. அந்த மருத்துவர் அறையில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடின. முகக்கவசம் வேறு ஒலியை மேலும் மழுக்கியது.

இதில் நம்மால் மாற்றக்கூடியது ஒன்று உண்டு. அது தூரம்.

திறந்த வெளியில் ஒலியின் மூலத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். பாதியானால் 6 டெசிபெல் கூடும். அறைக்குள் எதிரொலியால் இந்தக் கணக்குச் சற்று மாறும் என்றாலும், அருகில் இருக்கும் தூரங்களுக்கு ஏறத்தாழப் பொருந்தும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபெல். அந்த அறையில் அம்மாவின் மடிக்கும் மருத்துவரின் வாய்க்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருந்திருக்கும். நடுவில் மேசை வேறு. அங்கே குரல் 56 டெசிபெல் அளவில்தான் வந்து சேரும். வாக்கிய முடிவில் குரல் பத்து டெசிபெல் இறங்கியது என்று கொண்டால் 46. வேகமாகச் சுழலும் கூரை விசிறியின் சத்தமே ஏறத்தாழ 50 டெசிபெல் இருக்கும். அதாவது ‘அதை நிறுத்த’ என்பது விசிறிச் சத்தத்துக்கு மேலே மிதந்தது. ‘வேணாம்’ அதற்குள் மூழ்கிவிட்டது. அதே செல்போனை மேசையின் அந்தப் பக்க விளிம்பில், மருத்துவரிடமிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்திருந்தால் தூரம் இரண்டு முறை பாதியாகியிருக்கும். 12 டெசிபெல் ஆதாயம். கடைசிச் சொல் 58இல் வந்து, விசிறியைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

இதைக் கணக்குப் போடாமலே பார்க்கத் திரையில் ஒரு வழி இருக்கிறது; பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். லைவ் டிரான்ஸ்கிரைப் திரையின் ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் தெரியும். உள்வட்டம் அறையின் பின்னணி இரைச்சலைக் காட்டுகிறது. வெளிவட்டம் பேசுபவரின் குரல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைக் காட்டுகிறது. வெளிவட்டம் உள்வட்டத்தைத் தாண்டி நன்றாக விரிந்தால் எழுத்தை நம்பலாம். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், திரையில் எவ்வளவு அழகான வாக்கியம் விழுந்தாலும் செல்போனை நகர்த்த வேண்டும். வாக்கிய முடிவில் வெளிவட்டம் சுருங்கி உள்வட்டத்தோடு சேர்ந்துவிடுகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. அம்மா இப்போது முதல் வாக்கியத்தைப் படிப்பதற்கு முன் வட்டத்தைத்தான் பார்க்கிறார்.

எந்தச் சொல் ஐயத்துக்கு உரியது என்பதைச் செயலியே நிறம் மாற்றிக் காட்டலாமே என்று தோன்றும். அப்படிச் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நம்பகத்தன்மையை நிறத்தால் காட்டியபோது அது வாசிப்பவரின் கவனத்தைச் சிதறடித்ததே தவிர உரையாடலுக்கு உதவவில்லை என்று கண்டு விட்டுவிட்டார்கள். அதனால் சரியான சொல்லும் ஊகித்த சொல்லும் ஒரே உறுதியோடு, ஒரே கறுப்பில் நிற்கின்றன. காதுக் கருவி வழியே குரல் மங்கினால் அம்மாவுக்கு ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று தெரியும். எழுத்துக்கு மங்கத் தெரியாது. அதுவே அதன் ஆபத்து.

எனினும் தமிழில் தவறைக் காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒலி மிக மெலியும்போது செயலிகள் தவறான சொல்லை எழுதாமல் சொல்லையே விட்டுவிடுவதும் உண்டு. தமிழ் வாக்கியம் வினையில் முடிவது என்பதால், வினை இல்லாமல் வரி நின்றால் வால் அறுந்துவிட்டது என்று பொருள். ‘சனிக்கிழமை அவங்க எல்லாரும் கோயிலுக்கு’ என்று நின்றால் போனார்களா, போகவில்லையா, போகப்போகிறார்களா என்பது அங்கே இல்லை. நம் மனம் அந்த இடத்தைத் தானாக நிரப்பிக்கொள்ளும். அதுவும் நமக்குப் பிடித்ததைக் கொண்டு. வினையில்லாத வரியைக் கண்டால் மறுபடி கேட்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபடி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘என்ன சொன்னீர்கள்?’ என்றால் அதே வாக்கியம் அதே தாழ்வோடு திரும்பவும் வரும். அதே இடத்தில் மூழ்கும். வாலை முன்னுக்குக் கொண்டுவரும்படி கேட்க வேண்டும். ‘பழைய மாத்திரையைத் தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?’ என்று கேட்டால் பதில் ‘தொடருங்கள்’ என்று ஒரே சொல்லாக, வாக்கியத்தின் தலையாக, முழு மூச்சோடு வரும். ‘தொடருங்கள்’, ‘விட்டுவிடுங்கள்’ இரண்டும் ஒலியால் வெகு தூரத்தில் இருப்பவை. எந்த இயந்திரமும் குழப்பாது. அடுத்த முறை மருத்துவரிடம் சென்றபோது அம்மா இப்படித்தான் கேட்டார். செல்போன் மருத்துவரின் பக்கத்து மேசை விளிம்பில், இரத்த அழுத்தக் கருவியின் மேல் சாய்ந்து நின்றது. பேச்சு எழுத்தாகிறது என்பதை முதலிலேயே சொல்லி அவருடைய சம்மதத்தையும் கேட்டுவிட்டார். அனுமதியில்லாமல் ஒருவர் முன் மைக்கை வைப்பது முறையல்ல என்பது ஒரு புறம். தன் பேச்சு எழுத்தாகிறது என்று தெரிந்தவர் தாமாகவே நிதானமாகப் பேசுகிறார் என்பதும் உண்மை.

எண்கள் தனி இடர். பேச்சுத் தமிழில் 9 ‘ஒம்பது’, 50 ‘அம்பது’. தொடக்கத்து உயிரைத் தவிர எல்லாமே ஒன்று. காய்கறிக் கடையில் ஒன்பதுக்கும் ஐம்பதுக்கும் குழப்பம் வந்தால் விலையை யோசித்தே சரி செய்துகொள்ளலாம். மருந்தின் அளவில் முடியாது. நல்ல வேளையாக, இயந்திரம் குழப்பும் இந்த ஜோடிகளைக் கண் குழப்புவதில்லை. ‘ஒ’ என்னும்போது உதடு குவிகிறது. ‘அ’ என்னும்போது குவிவதில்லை. ‘வேணாம்’ என்பதில் தாடை இறங்கி வாய் திறக்கிறது. ‘வேணும்’ என்பதில் இறங்குவதில்லை. மறுபுறம், உதட்டைப் பார்த்து அறிய முடியாதவற்றை இயந்திரம் எளிதில் பிரிக்கிறது. ‘படி’, ‘மடி’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். கண்ணுக்கு ஒரே சொல். மைக்குக்கோ ஒன்று வெடிப்பொலி, மற்றொன்று மூக்கொலி.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அம்மாவின் காதே. வயதால் வரும் கேள்திறன் இழப்பு பெரும்பாலும் உச்ச அலைவரிசைகளிலிருந்து தொடங்குகிறது. ‘ச’ போன்ற காற்றொலிகளும் மெல்லிய வல்லொலிகளும் முதலில் போகின்றன. உயிரொலிகளின் வலு தாழ்ந்த அலைவரிசைகளில் இருப்பதால் அவை நீண்ட காலம் தங்குகின்றன. ஆகாரத்தையும் உகரத்தையும் பிரித்தறியும் அளவுக்கு அம்மாவின் காது இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘வேணாம்’ என்பதை எதிரே நின்று சொன்னால் அவருக்கே கேட்கும். திரையிலேயே கண்ணை ஊன்றியிருந்ததால் அவர் தம் காதையும் பயன்படுத்தவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. காது, கண், எழுத்து மூன்றும் வெவ்வேறு இடங்களில் தவறு செய்பவை. ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். ஆனால் எழுத்து மடியில் கிடந்தால் அதைப் படிக்க முகத்தை விட்டுக் குனிய வேண்டும். அந்தக் கணத்தில் மற்ற இரண்டும் போய்விடுகின்றன.

எனவே செல்போன் இருக்க வேண்டிய இடம் பேசுபவரின் மார்பு உயரத்தில், அவருடைய முகத்துக்கு நேர் கீழே. பார்வையைச் சற்று இறக்கினால் எழுத்து, ஏற்றினால் உதடு. ஒலியின் கணக்குப்படியும் அதுவே நல்ல இடம். மேசை இல்லாத இடங்களில் பேசுபவரே செல்போனைக் கையில் பிடித்து, திரை நம் பக்கம் தெரியும்படி மார்புக்கு முன் வைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். வேறொரு வழி, சட்டைக் காலரில் மாட்டும் சிறிய மைக். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செல்போனில் செருகினால் செயலி அதை ஏற்கும். மைக் பேசுபவரிடமும் திரை படிப்பவரிடமும் இருக்கும்.

குடும்பம் முழுவதும் உட்கார்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு முழு விடை தெரியாது. உலகின் பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக 200 மில்லிவினாடி அளவில் இருப்பதாகக் கண்டார்கள். கண் இமைக்கும் நேரம். திரையில் எழுத்து விழுந்து, நிலைத்து, அதை ஒருவர் படித்து முடிக்க இரண்டு மூன்று வினாடிகள் ஆகும். அதற்குள் பேச்சு இரண்டு பேரைக் கடந்திருக்கும். எல்லாரும் சிரித்து முடித்த பின் அம்மா சிரிப்பார். அல்லது சிரிக்காமல் எழுந்து சாம்பார் எடுத்து வரப் போவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் ஒரே வரியில் பின்னிக்கொள்ளும். யார் பேசியது என்று தெரியாது. வேகமான செல்போன் வாங்கினாலும் இது தீராது. எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது ஒன்றுதான். காலர் மைக்கை ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு மேசையில் வைத்திருக்கிறோம். நீளமாக ஏதாவது சொல்ல வருபவர் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். கிண்ணம் யாரிடம் இருக்கிறதோ அவரே பேசுகிறார் என்று அம்மாவுக்கும் தெரிகிறது. வேகம் குறைந்தது உண்மை. பேச்சில் அம்மா திரும்ப நுழைந்ததும் உண்மை.

தொலைபேசி அழைப்பு பற்றி ஒரு குறிப்பு. பேசிக்கொண்டிருக்கும் அதே செல்போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் அந்த அழைப்பை எழுதாது. அழைப்பின்போது மைக்கை வேறு செயலிக்கு ஆண்ட்ராய்டு தருவதில்லை. அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, இரண்டாவது செல்போனை அதன் அருகில் வைத்தால் எழுத்து கிடைக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய செல்போனுக்கு இது நல்ல வேலை.

பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. மருத்துவர் அறையில் அவர்களுக்குத் தேவை சைகை மொழிபெயர்ப்பாளர். திரையைக் காட்டி அந்தத் தேவை தீர்ந்தது என்று எந்த அலுவலகமும் சொல்லிவிடக் கூடாது.

இனி, பேச்சல்லாத ஒலிகள். கதவு மணி, குழந்தை அழுகை, நாய் குரைப்பு, தண்ணீர் ஓடுவது போன்றவற்றைக் கேட்டுச் செல்போன் அதிர்ந்து, திரையில் பெயரைக் காட்டும் வசதி 2020இல் ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் சில வார இடைவெளியில் வந்தது. ஆண்ட்ராய்டில் அது பத்து வகை ஒலிகளோடு தொடங்கியது. இதற்கு இணையம் தேவையில்லை, செல்போனுக்குள்ளேயே நடக்கிறது.

எங்கள் வீட்டில் இதை இயக்கிய முதல் வாரத்தில் கதவு மணி ஒரு முறைகூடப் பதிவாகவில்லை. காரணம் மணியேதான். நம் ஊர் வீடுகள் பலவற்றைப் போல எங்கள் மணியும் குருவி கத்துவது போல ஒலிக்கும். இத்தகைய செயலிகள் ஒலிகளைக் கற்பது பெரும் ஒலித் தொகுப்புகளிலிருந்து. அவற்றில் புகழ்பெற்றது, கூகுள் 2017இல் வெளியிட்ட ஆடியோசெட். யூடியூப் காணொளிகளிலிருந்து பத்து வினாடித் துண்டுகளாக எடுத்த சுமார் இருபது லட்சம் ஒலிகள் கொண்டது. அப்படிப்பட்ட தொகுப்பில் ‘கதவு மணி’ என்றால் பெரும்பாலும் ‘டிங்-டாங்’. குருவிச் சத்தம் ‘பறவை’ என்ற பிரிவில் இருக்கும். எச்சரிக்க வேண்டிய பட்டியலில் பறவைக்கு இடமில்லை. கடவுள் பெயரையோ பாட்டையோ இசைக்கும் மணிகளுக்கும் இதே கதிதான்; அவை ‘இசை’யாகிவிடும். தீர்வுகள் இரண்டு. நம் மணியையே பதிவு செய்து செயலிக்குக் கற்றுக்கொடுக்கும் வசதி இப்போது இரு வகைச் செல்போன்களிலும் உள்ளது. பதிவு செய்யும்போது செல்போன் வழக்கமாக இருக்கும் இடத்தில், வழக்கமான விசிறிச் சத்தத்தோடே பதிய வேண்டும். மணிக்குக் கீழே நின்று பதிந்தால் சமையலறையில் அது அடையாளம் தெரியாது. இரண்டாவது தீர்வு, பழைய ‘டிங்-டாங்’ மணியை வாங்கி மாட்டுவது. நாங்கள் அதைத்தான் செய்தோம். அன்று மாலையே செல்போன் அதிர்ந்தது.

குக்கர் விசிலுக்கும் இதே கதைதான். பட்டியலில் அது இல்லை, கற்றுக்கொடுக்க வேண்டும். ஆனால் எத்தனை விசில் என்று செயலி எண்ணித் தராது. அடுத்தடுத்து வரும் ஒரே ஒலிக்கு ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வரும் என்றும் இல்லை. அதனால் அம்மா குக்கரை நேரம் பார்த்தே அணைக்கிறார். ‘தண்ணீர் ஓடும் ஒலி’ என்ற வசதியைப் பார்த்துவிட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிவதை அது சொல்லும் என்று நம்புபவர்கள் உண்டு. செல்போன் கேட்பது அது இருக்கும் அறையை மட்டுமே. மூடிய கதவுக்கும் கூரைக்கும் அப்பால் வழியும் நீர் அதற்குக் கேட்காது. மோட்டாருக்குத் தானே நிற்கும் சுவிட்ச் போடுவதே சரி.

சில செல்போன்கள் மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமே நிறுத்திவிடும். அப்போது எந்த அறிவிப்பும் வராது. எல்லாம் அமைதியாக இருப்பதாகவே தோன்றும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் மின்கலக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். அதன் பிறகும் நாளுக்கு ஒரு முறை யாராவது மணியை அழுத்திச் சோதித்துப் பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் பால்காரர் காலை ஆறரைக்கு அழுத்தும் மணியே அந்தச் சோதனை. அது அதிராத நாளில் அம்மா செயலியைத் திறந்து பார்ப்பார்.

உயிருக்கு ஆபத்தான சூழலில் இவற்றை நம்பியிருக்க வேண்டாம் என்று தயாரித்த நிறுவனங்களே எச்சரிக்கின்றன. இரவில்தான் இந்த எச்சரிக்கையின் முழு எடை தெரியும். அம்மா கருவியைக் கழற்றி வைத்துவிட்டு உறங்குவார். தலையணைக்கு அடியில் வைத்த செல்போனுக்கு மைக் அடைபட்டு மணி கேட்காது. மேசையில் வைத்தால் அதன் அதிர்வு அம்மாவுக்குத் தெரியாது. கையில் கட்டிய கடிகாரத்துக்கு அறிவிப்பை அனுப்பலாம். ஆனால் அதையும் பலர் இரவில்தான் சார்ஜ் போடுகிறார்கள். எங்களுக்கு உதவியது ஓர் எலக்ட்ரீஷியன். கதவு மணிக்குச் செல்லும் அதே மின் இணைப்பிலிருந்து இணையாக ஒரு கம்பியை இழுத்து, அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு பல்பும் சமையலறையில் ஒரு பல்பும் மாட்டிக் கொடுத்தார். வாசலில் பொத்தானை அழுத்தினால் மணியோடு இரண்டு பல்புகளும் எரியும். கேட்டு, ஊகித்து, பெயர் சூட்டும் வேலை எதுவும் நடுவில் இல்லாததால் தவறுக்கு இடமில்லை. மின்சாரம் போனால் மட்டும் அது எரியாது. அந்த நேரத்துக்காகச் செல்போன் மேசைமேல் விழித்திருக்கிறது. வாசலில் நிற்பவர் கதவைத் தட்டினால் ‘தட்டும் ஒலி’ என்று காட்டி, செல்போனின் ஃபிளாஷ் விளக்கு விட்டுவிட்டு மின்னும்.